மேஜரா, மைனரா? அந்த 71.4 டிகிரி கேள்வி

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் ஓபிஆர்பி என்ற செயல்பாட்டு முன்தேவைத் திட்டம் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வீடியோவுக்குப் போகிறது. போன முறை உணவுப் பாதுகாப்பு உள் தணிக்கையாளர் தேர்வுக்காகக் கொடுத்த பயிற்சிக் கேள்விக்கு நீங்கள் அனுப்பிய விடைகளைப் படித்தேன். அதைப் பேசாமல் என்னால் நகர முடியவில்லை. ஏகப்பட்ட விடைகள் ஒரே வரியில்தான் முடிகின்றன: "சம்பந்தப்பட்ட ஊழியருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது." இந்த வரி எனக்கு அறவே பிடிக்காது என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பால் பாஸ்டரைசர் ஒரு சிசிபி, அதாவது உணவுப் பாதுகாப்புக்கான முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி. அங்கே மீறக் கூடாத எல்லையான கிரிட்டிக்கல் லிமிட், ஹோல்டிங் குழாயின் முடிவில் குறைந்தது 72 டிகிரி செல்சியஸ், 15 விநாடி. ஊழியர் மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிகிறார். ஒரு மணிக்கு 72.8, இரண்டு மணிக்கு 71.4, மூன்று மணிக்கு 72.6. குறிப்பு எழுதும் கட்டம் காலி. அன்று மாலையே பால் லாரியில் ஏறிவிட்டது. மேற்பார்வையாளர் மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இது மேஜரா, மைனரா? என்சி, அதாவது தேவைக்கு இணங்காததைச் சொல்லும் குறிப்பை, எப்படி எழுதுவீர்கள்?

முதலில் தரம். "அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தானே குறைந்தது, அதனால் மைனர்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை டிகிரி குறைந்தது என்பதை வைத்துத் தரம் போடுவதில்லை. உணவுப் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 22000-இல் மேஜர், மைனர் என்ற பிரிவே கிடையாது. சான்றளிக்கும் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 17021-1-இல்தான் அதன் வரையறை இருக்கிறது. நினைத்த பலனைத் தரும் மேலாண்மை அமைப்பின் திறனைப் பாதித்தால் மேஜர், அந்தத் திறனைப் பாதிக்காவிட்டால் மைனர். உங்கள் வினாத்தாளில் வேறு வரையறை அச்சிட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். எஃப்எஸ்எஸ்சி 22000 திட்டத்தில் கிரிட்டிக்கல் என்று மூன்றாவது தரமும் உண்டு.

இந்தக் கேள்வியில் லிமிட் மீறப்பட்டது, யாரும் பாலை நிறுத்தவில்லை, வெளியே போன பிறகுதான் கையெழுத்து விழுந்தது. பாதுகாப்பற்ற பொருள் வெளியேறாமல் தடுக்கத்தான் இந்த அமைப்பே இருக்கிறது, அந்த வேலையே நடக்கவில்லை. ஆகவே மேஜர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, என்சி வாசகம். "வெப்பநிலை சரியாகக் கண்காணிக்கப்படவில்லை" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். கண்காணித்திருக்கிறார்களே! மணிக்கு மணி பதிவு இருக்கிறது. அதன் பிறகு செய்ய வேண்டியதைத்தான் செய்யவில்லை. எனவே ஐஎஸ்ஓ 22000-இல் கண்காணிப்பைச் சொல்லும் பிரிவு 8.5.4.3-ஐ விட்டுவிடுங்கள். லிமிட் மீறினால் என்ன செய்ய வேண்டும் என்பது 8.5.4.4-இல் இருக்கிறது, பாதிக்கப்பட்ட பொருளை என்ன செய்வது என்பது 8.9.2, 8.9.4-இல் இருக்கிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கிரிட்டிக்கல் லிமிட் மீறப்படும்போது பாதிக்கப்பட்ட பொருளை அடையாளம் கண்டு, வெளியேறாமல் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது பிரிவு 8.9.2. பாஸ்டரைசர் பதிவேட்டில் பிற்பகல் 2 மணிக்கு 71.4 டிகிரி பதிவாகியுள்ளது. லிமிட் 72 டிகிரி. நடவடிக்கை எதுவும் பதிவாகவில்லை. அந்தப் பால் அன்றே அனுப்பப்பட்டுள்ளது."

தேவை, ஆதாரம், எங்கே தவறியது, இந்த மூன்றும் இதில் வந்துவிட்டன. யார் பெயரும் இல்லை, "அலட்சியம்" போன்ற சொல்லும் இல்லை.

இப்போது ஒரு நேயரின் விடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். எல்லோரும் "இரண்டு மணிக்கு ஓடிய பால்" என்று எழுதியபோது, அவர் மட்டும் "ஒரு மணிக்குப் பிறகு மூன்று மணி வரை ஓடிய பால் முழுவதும்" என்று எழுதினார். அடடா! கடைசியாகச் சரியாக இருந்தது ஒரு மணி அளவீடு. வெப்பம் 1.05-க்குக் குறைந்ததா 1.55-க்குக் குறைந்ததா என்று இந்தப் பதிவேட்டை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதேபோல் எப்போது ஏறியது என்பதும் தெரியாது, மூன்று மணிக்குச் சரியாக இருந்தது என்பது மட்டுமே தெரியும். ஆக, சந்தேகத்துக்கு உரிய பால் இரண்டு மணி நேரத்துப் பால். மணிக்கு ஒருமுறை பார்ப்பதற்கு நிறுவனம் கொடுக்கும் விலை இது. அரை மணிக்கு ஒருமுறை பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்துப் பாலோடு போயிருக்கும். இதை எழுதியவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

ஒன்றை விட்டுவிட்டேன், தரம் போடும் இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது. பாஸ்டரைசரில் ஃப்ளோ டைவர்ஷன் வால்வு இருக்கும். வெப்பம் குறைந்தால் பாலைத் திருப்பி முதல் தொட்டிக்கே அனுப்பிவிடும். கேள்வியில் "அந்த நேரத்தில் வால்வு திரும்பியதாக ரெக்கார்டர் சார்ட் காட்டுகிறது" என்று ஒரு வரி இருந்தால் கதையே மாறும். பால் முன்னே போகவில்லை, நடவடிக்கையை எழுதாமல் விட்டது மட்டும்தான் குறை. அது மைனர். நம் கேள்வியில் அந்த வரி இல்லை. இல்லாத ஆதாரத்தை நாமே கற்பனை செய்து தரத்தைக் குறைக்கக் கூடாது.

அடுத்தது என்சிக்கு நிறுவனம் அனுப்பும் பதில். அதை ஏற்பீர்களா என்று தேர்வில் கேட்பார்கள். பதிலில் முதல் வரி: "எடுத்துவைத்த மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தோம், நன்றாக இருந்தது, பாலை ஏற்றுக்கொண்டோம்." பலர் இதற்குச் சரி போட்டிருக்கிறீர்கள். தவறு! சிசிபி லிமிட்டை மீறிய பொருளை மதிப்பீடு செய்து வெளியே விடும் வழி 2018 பதிப்பில் இல்லை. 8.9.4.2 அதை நேரடியாகவே தடுக்கிறது. மறுபடி பதப்படுத்தலாம், பாதுகாப்புக்குக் கேடில்லாத வேறு பயன்பாட்டுக்கு அனுப்பலாம், அல்லது அழிக்கலாம். ஆய்வு முடிவை வைத்து விடுவிக்கும் வழி ஓபிஆர்பி தவறினால் மட்டுமே. பால் வெளியே போய்விட்டதால் 8.9.5-இன்படி திரும்பப் பெறும் வேலையும் சேரும். இதெல்லாம் கரெக்ஷன், அதாவது நடந்துவிட்டதைச் சரிசெய்வது.

கரெக்டிவ் ஆக்ஷன், அது ஏன் நடந்தது என்பதை எடுத்துவிடுவது. ஊழியர் 71.4 என்று நேர்மையாக எழுதிவிட்டு ஏன் பேசாமல் இருந்தார்? படிவத்தைப் பார்த்தால் தெரியும்: அதில் 72 என்ற எண்ணே அச்சிடப்படவில்லை, மீறினால் யாரிடம் சொல்வது என்றும் இல்லை. மேற்பார்வையாளர் பார்ப்பது மறுநாள், லாரி கிளம்புவது மாலை. இந்த நிலையில் ஊழியருக்குப் பத்து முறை பயிற்சி கொடுத்தாலும் லாரி மாலையில்தான் கிளம்பும்.

ஆகவே நான் ஏற்கும் பதில்: "படிவத்தில் லிமிட்டும் மீறினால் செய்ய வேண்டியதும் சேர்க்கப்பட்டன. பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பாலை அனுப்ப அனுமதி என்று நடைமுறை மாற்றப்பட்டது. மற்ற சிசிபி பதிவேடுகளிலும் இதே குறை உள்ளதா என்று பார்க்கப்பட்டது." பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிய படிவத்தைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தால் அது சரி, அது மட்டுமே விடையாக இருக்கக் கூடாது.

பலன் தந்ததா என்று பார்க்கும் வரியையும் விட்டுவிடாதீர்கள். "பயிற்சி வருகைப் பதிவேடு" அதற்கு ஆதாரம் ஆகாது. புதிய நடைமுறை வந்த பிறகு லிமிட் மீறிய பதிவு ஏதாவது இருந்தால், அந்தப் பால் நிறுத்திவைக்கப்பட்டதா என்று பாருங்கள். மீறலே வரவில்லை என்றால், மீறல் நடந்ததாக வைத்து ஒத்திகை நடத்தி, ஊழியர் என்ன செய்கிறார் என்று நின்று பாருங்கள்.

ஓபிஆர்பி வீடியோவுக்கு முன்னால் இதே கேள்வியில் ஒரு வரியை மாற்றித் தருகிறேன். மூன்று அளவீடுகளும் 72-க்கு மேல், ஆனால் தெர்மாமீட்டரின் காலிப்ரேஷன் தேதி தாண்டிவிட்டது. தரமும் வாசகமும் எழுதி அனுப்புங்கள். 8.7-ஐப் படித்துவிட்டு எழுதுங்கள்.