நிலாவின் கருப்பு மண்ணில் கிடந்த வெள்ளைத் துணுக்குகள்

வணக்கம் நேயர்களே. நிலாவில் முயல் தெரியுது, பாட்டி வடை சுடுறாள் என்று சின்ன வயதில் நாம் எல்லோரும் பார்த்த அந்தக் கருப்புத் திட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், அதைச் சுற்றியிருக்கிற வெளுப்பைப் பற்றி. கருப்பை எல்லோரும் கேட்கிறார்கள், வெளுப்பை யாரும் கேட்பதில்லை.

1969 ஜூலை. ஆர்ம்ஸ்ட்ராங் இறங்கியது ஒரு கருப்புச் சமவெளியில், அமைதிக் கடல் என்று பெயர். பேர்தான் கடல், சொட்டுத் தண்ணீர் கிடையாது. கிளம்பும் நேரத்தில், கற்களைப் போட்ட பெட்டி பாதி காலியாகத் தெரிகிறதே என்று மண்ணையும் சில கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டார். நாம் பைக்குள் இடம் இருந்தால் இன்னும் ரெண்டு கத்தரிக்காய் போடச் சொல்வோமே, அந்த மாதிரி. கற்கள் எதிர்பார்த்தபடியே கருப்பாக இருந்தன, பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. அந்த மண்ணில் ஒரு பங்கு ஜான் வுட் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவுக்குப் போனது. அவர்கள் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்து, சில மில்லிமீட்டர் அளவுத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நூற்றுக்கு நாலைந்து துணுக்கு வெள்ளையாக இருந்தது.

கருப்புத் தரையில் வெள்ளைத் துணுக்கு எப்படி வரும்? பக்கத்தில் வெளுப்பாகத் தெரிகிற மேட்டுநிலத்தில் விண்கல் மோதித் தெறித்து வந்து விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் இதுதான் மேட்டுநிலத்தின் பாறை, அங்கே யாரும் கால் வைக்காமலே கையில் கிடைத்துவிட்டது. அனார்த்தசைட் என்று பெயர். அலுமினியமும் கால்சியமும் கலந்த ஒரே ஒரு வெளிர் கனிமம்தான் அதில் ஏறக்குறைய முழுவதும். ஒரே கனிமம் இப்படித் தனியாகச் சேர்ந்து நிலா முழுக்கப் பரவிக் கிடப்பது சாதாரண விஷயம் இல்லை. ஏதோ அதைப் பிரித்தெடுத்திருக்க வேண்டும்.

தம்ளரில் ஐஸ்கட்டி மிதக்கிறதல்லவா, அதே கதைதான். உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கனத்த படிகங்கள் முதலில் உண்டாகி அடியில் போய் உட்காரும். அந்த வெளிர் கனிமம் கடைசிப் பக்கத்தில்தான் உறையும், மிச்சக் குழம்பைவிட எடை குறைவு என்பதால் மேலே வந்துவிடும். பல கிலோமீட்டர் தடிமனுக்கு அப்படி ஆடை கட்ட வேண்டுமென்றால், கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழம்பு இருந்திருக்க வேண்டும். நிலா பிறந்த புதிதில் அதன் மேல்பகுதி மொத்தமும் கொதிக்கிற கடலாக இருந்தது என்று 1970இல் வுட் குழுவினர் சொன்னது இப்படித்தான், அந்தச் சில துணுக்குகளை வைத்து. எனக்கு இதைச் சொல்லச் சொல்ல அலுப்பதே இல்லை, மன்னிக்கவும், நேரம் போகிறது.

கருப்புக்கு வருவோம். பெரிய விண்கல் மோதிய சூட்டில் பொங்கிய குழம்புதான் அந்தச் சமவெளி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பள்ளம் முதலில், குழம்பு பல கோடி ஆண்டு கழித்து. பள்ளம் முதலில், இதை மட்டும் நினைவில் வையுங்கள். சின்னத் தொலைநோக்கி இருந்தால் நீங்களே பார்க்கலாம்: மழைக் கடல் என்ற பெரிய வட்டமான கருப்புப் பள்ளத்துக்குள் ஆர்க்கிமிடீஸ் என்று ஒரு குழி இருக்கிறது, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலம், தரை தோசைக்கல் மாதிரி மட்டமாக இருக்கும். பெரிய பள்ளத்துக்குள் இருப்பதால் அதற்குப் பின்னால் வந்தது. உள்ளேயும் வெளியேயும் குழம்பு நிரம்பியிருப்பதால் குழம்புக்கு முன்னால் வந்தது. அப்படியென்றால் பள்ளத்துக்கும் குழம்புக்கும் நடுவில் இன்னொரு மோதலுக்கு நேரம் இருந்திருக்கிறது. கொண்டுவந்த கற்களின் வயதும் அதையே சொல்கிறது, பள்ளம் சுமார் 390 கோடி ஆண்டுக்கு முந்தையது, அதன் ஓரத்தில் 1971இல் எடுத்த பசால்ட் சுமார் 330 கோடி. ஆழத்தில் கதிரியக்கச் சூட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உருகிய குழம்பு, மேலோடு மெலிந்த இடமாகப் பார்த்து ஏறி வந்திருக்கிறது. மேட்டுநிலத்தில் குழிமேல் குழி, கருப்புத் தரையில் குழிகள் குறைவு. பெரும் கல்மழை ஓய்ந்த பிறகு பரவிய தரை அது.

பூமியிலிருந்து தெரியாத மறுபக்கத்தில் கருப்பு நூற்றுக்கு ஏறக்குறைய ரெண்டு பங்குதான், அங்கே மேலோடு தடிமன். ஆனால் அங்கேயே தென்துருவப் பக்கம் ஒரு பிரமாண்டப் பள்ளத்தால் மேலோடு மெலிந்திருந்தும் குழம்பு கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, அதனால் தடிமன் மட்டும் முழுக் காரணம் ஆகாது. இதை விரிவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன், நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. 2023 ஆகஸ்டில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் வண்டி தெற்கே மேட்டுநிலத்தில் சுமார் 100 மீட்டர் உருண்டு 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அங்கேயும் அதே வெள்ளைப் பாறையின் சேர்மானம்தான். வணக்கம்.