புகைப்பவரின் ஈறில் ஏன் ரத்தம் வருவதில்லை?

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தக் கம்பியைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். நுனியில் சிறுசிறு கோடுகள் தெரிகின்றனவா? அவை மில்லிமீட்டர் அளவுகள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் சந்தில் இதை மெதுவாக இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்போம். 3 மில்லிமீட்டர் வரை போனால் கவலையில்லை. அதற்கு மேல் போனால், ஈறு பல்லைவிட்டு விலகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஈறில் அழற்சி இருந்தால், கம்பியை எடுத்ததும் அந்த இடத்தில் ரத்தம் துளிர்க்கும். பெரும்பாலானவர்கள் அந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் எங்களிடம் வருகிறார்கள். காலையில் பல் துலக்கித் துப்பும்போது சிவப்பாகத் தெரிந்தால் யாருக்கும் பயம் வந்துவிடும்.

சிகரெட் பிடிப்பவருக்கு அந்த எச்சரிக்கை பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. நிகோட்டின் ஈறில் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. பல ஆண்டுகள் புகைத்தவரின் ஈறு வெளிறி, தடித்து, இறுகலாக இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஆரோக்கியமான ஈறு என்றே தோன்றும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், ஆனால் ரத்தம் வராது. பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் தெரியவரும். இன்று உங்களிடம் பேச வந்தது இந்த ரத்தத்தைப் பற்றித்தான். ஈறிலும் சரி, பல் பிடுங்கிய குழியிலும் சரி, புகை கெடுக்கும் காரியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியும்படி எதுவும் சொல்லப்போவதில்லை. முப்பது வயதைத் தாண்டியவர், இரவுப்பணி பார்ப்பவர். ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் வரை பிடித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் வேப் எனப்படும் மின் சிகரெட் ஒன்றைக் கொடுத்த பிறகு, சிகரெட்டைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் வேப் இழுத்துக்கொண்டிருந்தார். இடது கீழ்த்தாடை ஞானப்பல் சாய்ந்து முளைத்து அடிக்கடி வீங்கியதால், அதை எடுக்க வேண்டியிருந்தது.

பல்லை எடுத்ததும் அந்தக் குழி ரத்தத்தால் நிரம்ப வேண்டும். அரை மணி, முக்கால் மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்கிறோமே, அந்த ரத்தம் உறைந்து கட்டியாக நிற்பதற்காகத்தான். அந்தக் கட்டி எலும்பை மூடிக் காக்கிறது. அதற்குள்தான் புதிய திசு வளர்ந்து குழியை நிரப்புகிறது. முதல் நாள் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள், பலமாகக் கொப்பளிக்காதீர்கள் என்று சொல்வதெல்லாம் கட்டி கழன்றுவிடாமல் இருக்கத்தான்.

அவருக்கு மூன்றாம் நாள் வலி தொடங்கியது. பல் எடுத்த அன்று இருந்த வலி குறைந்து, பிறகு புதிதாக வந்த வலி அது. காது வரை தெறித்தது, மாத்திரை போட்டும் அடங்கவில்லை, வாயில் துர்நாற்றம். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். குழியில் கட்டி இல்லை. அடியில் எலும்பு சாம்பல் வெள்ளையாக வெறுமனே தெரிந்தது. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. இதைத்தான் ட்ரை சாக்கெட் என்கிறோம். பல் எடுத்த பிறகு நாள் ஆக ஆக வலி குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வலி திரும்பி ஏறினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. புகைப்பவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

"நீங்கள் சொன்ன மாதிரி ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை டாக்டர்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். வேப் இழுத்தீர்களா என்று கேட்டேன். "அது வெறும் ஆவிதானே" என்றார். பல் எடுத்த அன்று இரவே தொடங்கியிருக்கிறார்.

சிகரெட்டில் கேடு பல வழிகளில் வருகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோட்டின் குழாய்களைச் சுருக்கி, குழிக்கு வரும் ரத்தத்தையே குறைக்கிறது. சூடு வேறு. இழுக்கும்போது வாய்க்குள் உண்டாகும் உறிஞ்சல் கட்டியைக் கழற்றிவிடக்கூடும் என்றும் கருதுகிறோம். வேப்பில் எதுவும் எரிவதில்லை, ஆகவே கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நிகோட்டின் அப்படியே இருக்கிறது, உறிஞ்சலும் இருக்கிறது. சிகரெட் ஒன்று எரிந்து முடிந்தால் கை நிற்கும். வேப்புக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. படுக்கையில் படுத்தபடி இரவு முழுக்க இழுக்கலாம். வாயை உலர்த்தவும் செய்கிறது. அதன் நெடுங்கால விளைவுகளைச் சிகரெட் அளவுக்கு ஆராய இன்னும் காலம் போதவில்லை. ஆனால் அழற்சி இருந்தும் ஈறில் ரத்தம் குறைவாகக் கசியும் அந்த ஏமாற்றுத் தோற்றம் வேப் பயன்படுத்துபவர்களிடமும் காணப்படுகிறது.

நம் நாட்டில் 2019இல் மின் சிகரெட் தடைச்சட்டம் வந்துவிட்டது. விற்பனையும் இறக்குமதியும் குற்றம். அதனாலேயே பலர் மருத்துவரிடம்கூட வேப் பற்றி வாய் திறப்பதில்லை. சிகிச்சைப் படிவத்தில் 'புகைப்பழக்கம் உண்டா' என்றுதான் இருக்கும். வேப் மட்டும் இழுப்பவர் 'இல்லை' என்று எழுதிவிடுவார். நாங்கள் போலீஸ் இல்லை. குழி ஆறுமா ஆறாதா என்று கணிக்கத்தான் கேட்கிறோம். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

அவருக்குச் செய்த சிகிச்சை எளியதுதான். வெதுவெதுப்பான உப்புநீர்க் கரைசலால் குழியைக் கழுவி, சிக்கியிருந்த உணவுத்துணுக்குகளை வெளியேற்றி, கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த மருந்தை உள்ளே வைத்தேன். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது. ஆன்டிபயாடிக் எழுதித் தரும்படி கேட்டார். காய்ச்சலும் சீழும் இல்லாத ட்ரை சாக்கெட்டுக்கு அது பொதுவாகத் தேவையில்லை. ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் வரவழைத்து மருந்தை மாற்றினோம்.

இனி நான் சொல்லவந்த முக்கியமான இடம். நிகோட்டினை நிறுத்தியவருக்கு எரிச்சல், தூக்கமின்மை, ஏக்கம் எல்லாம் உச்சத்தில் இருப்பது முதல் இரண்டு மூன்று நாட்களில். பல் பிடுங்கிய குழி எளிதில் கெட்டுப்போகக்கூடியதும் அதே நாட்களில்தான். 'மூன்று நாள் புகைக்காதீர்கள்' என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால், மிகக் கடினமான மூன்று நாட்களைத் துணையில்லாமல் கடக்கச் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம். அவர் வேப்பை எடுத்ததில் எனக்கு வியப்பே இல்லை. பல் மருத்துவர் உதவியையும் சேர்த்துத் தர வேண்டும். அவசரமில்லாத பல் என்றால், எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது நல்லது.

முதலில் ஒரு கேள்வி கேட்போம்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால் உடல் நிகோட்டினை நன்றாகவே சார்ந்திருக்கிறது. இவர் டீ வருவதற்கு முன்பே பற்றவைப்பவர். அப்படிப்பட்டவருக்கு மன உறுதி மட்டும் போதாது, மருந்து வேண்டும். பல் எடுத்தவருக்கு முதல் வாரம் நிகோட்டின் பேட்ச்தான் என் விருப்பம், ஏனென்றால் அதில் மெல்ல வேண்டியதில்லை. தினமும் காலையில் மேல்கையிலோ மார்பிலோ ஒட்டி, மறுநாள் வேறிடம் மாற்ற வேண்டும். நாளைக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடித்தவருக்குப் பொதுவாக 21 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரங்கள் கழித்து 14, பிறகு 7 என்று இறக்குவோம். இரவில் தூக்கம் கெட்டாலோ கனவுகள் தொல்லை தந்தாலோ படுக்கும்போது கழற்றிவிடலாம். இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பேட்சிலும் நிகோட்டின்தானே, அது மட்டும் குழியைக் கெடுக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது தோல் வழியாக மெல்ல ஏறுகிறது. இழுப்பில் வருவதுபோல் ஒரேயடியாக உயர்வதில்லை. கார்பன் மோனாக்சைடு இல்லை, சூடு இல்லை, உறிஞ்சல் இல்லை. மறுபடி புகைப்பதோடு ஒப்பிட்டால் இதுவே மேல்.

குழி ஆறிய பிறகு, திடீரென்று எழும் ஏக்கத்துக்கு நிகோட்டின் கம் சேர்க்கலாம். இதைச் சூயிங்கம்போல் தொடர்ந்து மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும் வரும், பலனும் இருக்காது. மெதுவாகச் சிலமுறை மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் வெற்றிலையை ஒதுக்குவதுபோல் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்துக் கால் மணி நேரத்துக்குள் வாயில் போட்டால் மருந்து சரியாக ஏறாது. இதை யாரும் சொல்லித் தராததால்தான் பலர் 'கம் எனக்கு ஒத்துவரவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள்.

பேச்சுத்துணைக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அரசு வழிகாட்டுதல்படி பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை நிறுத்த மையங்களும் நடக்கின்றன. நான் அவரை நிறுத்தும் நாள் குறிக்கச் சொல்லி, முதல் வாரத்துக்குள் திரும்ப வரச்செய்தேன். அந்த வாரத்தில் ஆள் திரும்ப வருவதுதான் எனக்கு முக்கியம்.

இரண்டு வாரம் கழித்துப் பதறிக்கொண்டு வந்தார். "சிகரெட்டை விட்ட பிறகுதான் டாக்டர், ஈறெல்லாம் ரத்தம். பிடித்தபோது சொட்டு ரத்தம் வந்ததில்லை." இதைக் கேட்டுப் பயந்து, திரும்பப் பற்றவைத்தவர்கள் இருக்கிறார்கள். சுருங்கிக் கிடந்த குழாய்களில் ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது. அங்கே முன்பே இருந்த அழற்சி இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. புதிதாக வந்த நோய் அல்ல. அதற்காக ரத்தம் தானாக நின்றுவிடும் என்று காத்திருக்கவும் கூடாது. பல்லில் படிந்த காரையை ஈறுக்கு அடியில் வரை சுத்தம் செய்ய வேண்டும். அவருக்கு மேல் கடைவாய்ப்பல்லின் உட்பக்கத்தில் கம்பி 7 மில்லிமீட்டர் இறங்கியது. புகைத்துக்கொண்டே இந்தச் சுத்திகரிப்பைச் செய்துகொண்டால் பலன் குறைவாகவே கிடைக்கும். ஆகவே இதற்குச் சரியான நேரம் அதுதான்.

மூன்று மாதம் கழித்து அளந்தபோது அதே இடம் 5 ஆகியிருந்தது. கரைந்த எலும்பு திரும்பி வராது. ஈறு இறுகிச் சேர்ந்ததால் வந்த குறைவு இது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் சிகரெட் பிடித்துவிட்டதாகத் தானாகவே சொன்னார். பேட்சை 14க்கு இறக்குவதைத் தள்ளிப்போட்டோம். அந்த 5 மில்லிமீட்டர் இடத்தை அடுத்த மாதம் மறுபடி சுத்தம் செய்யப்போகிறேன்.