சங்கத்தில் தற்காலிக வேலை: சேருமுன் எந்தக் கணக்கைப் பார்ப்பது?

"வணக்கம் சார். பி.காம் முடித்திருக்கிறேன், குறிஞ்சிப்பாடி பக்கம். எங்கள் ஊர் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தால் பின்னால் நிரந்தரம் ஆக்கிவிடுவோம் என்கிறார்கள், ஒன்றரை லட்சம் காப்புத்தொகை கேட்கிறார்கள். மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதவும் கூப்பிடுகிறார்கள். கிராம வங்கித் தேர்வுக்கும் படிக்கிறேன். எது நிலைக்கும்?"

வணக்கம் அம்மா. அந்த ஒன்றரை லட்சத்தை முதலில் பேசிவிடுவோம். கொடுக்காதீர்கள். சங்கத்து எழுத்தர், உதவியாளர், ரேஷன் கடை விற்பனையாளர் வேலைகளுக்கு ஆள் எடுப்பது மாவட்ட ஆட்சேர்ப்பு நிலையம். செய்தித்தாளில் அறிவிப்பு வரும், விண்ணப்பம் இணையத்தில் போட வேண்டும். உதவியாளர் பணிக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. தேர்வுக் கட்டணத்தைத் தவிர வேறு பணம் கேட்கிற கட்டம் இதில் எங்கும் கிடையாது. உங்களிடம் சொன்னது இந்த வழியே இல்லை.

"பின்னால் நிரந்தரம்" என்ற பேச்சு நம் பக்கத்தில் நாற்பது வருடமாக ஓடுகிறது. 480 நாள் வேலை பார்த்துவிட்டால் எடுக்க முடியாது என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். 2004-ல் உமாராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கப் பணியாளர்கள் வழக்குதான். விதிப்படி இல்லாமல், வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வராமல் சேர்க்கப்பட்டவர்களை, எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும், பின்னால் வரன்முறை செய்ய முடியாது என்பது தீர்ப்பு. இருபது வயதில் சேர்ந்து தலை நரைத்தவர்களெல்லாம் அந்தத் தீர்ப்பால் தவித்ததை நான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, முறையாகத் தேர்வு எழுதியே உங்களுக்கு ஒரு சங்கம் கிடைக்கிறது என்று வையுங்கள். அப்போதும் அந்தச் சங்கம் சம்பளம் கொடுக்கக்கூடிய சங்கமா என்று பார்த்தாக வேண்டும். சங்கப் பணியாளர் அரசு ஊழியர் இல்லை, சம்பளம் கருவூலத்திலிருந்து வராது. சங்கம் சம்பாதித்தால்தான் சம்பளம். நான் தணிக்கைக்குப் போன ஒரு சங்கத்தில் சம்பளப் பதிவேட்டைத் திறந்தேன். நான்கு மாதமாகக் கையெழுத்துக் கட்டம் காலி. பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, கையெழுத்து மட்டும் இல்லை. அந்த எழுத்தர் அப்போதும் காலையில் வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

இதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் வீட்டில் யாராவது அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பார்கள். பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையை வைப்பார்கள், உறுப்பினர் அதைப் பார்க்கலாம். இல்லையென்றால் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். சங்கத்திடம் நேரே கேட்பதைவிட இதுதான் நல்லது. எல்லாச் சங்கமும் தானாகவே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடாது, ஆனால் பதிவாளர் அலுவலகம் வரும்.

அறிக்கை கைக்கு வந்தால் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் எளிதாக வைத்துக்கொண்டவை. உறுப்பினர்களிடம் நிற்கும் கடன் 3 கோடி. வாங்குகிற வட்டிக்கும் கொடுக்கிற வட்டிக்கும் நடுவே நூற்றுக்கு 3 ரூபாய் மிஞ்சுகிறது, அது 9 லட்சம். உரம் விற்றது, இ-சேவை எல்லாம் சேர்த்து இன்னொரு 2 லட்சம். ஆக வரவு 11 லட்சம். நான்கு பேர் சம்பளம் 13 லட்சம், மின்சாரம், போக்குவரத்து 1 லட்சம். வருடத்துக்கு 3 லட்சம் குறைகிறது. இதில் 60 லட்சம் தவணை தாண்டிய கடன் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதற்கான வட்டி ஏட்டில் ஏறும், கைக்கு வராது. சங்கம் மேலே மத்தியக் கூட்டுறவு வங்கிக்குக் கட்ட வேண்டிய வட்டியோ நிற்காது.

அப்போ குறைகிற பணத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? இங்கேதான் நான் முதலில் பார்க்கும் இரண்டு எண்கள் வருகின்றன. பயிர்க்கடனுக்காகச் சங்கம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்குத் தர வேண்டிய அசல் ஒன்று. உறுப்பினர்களிடமிருந்து சங்கத்துக்கு வர வேண்டிய பயிர்க்கடன் அசல் இன்னொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். முதலாவது 1 கோடியே 20 லட்சம், இரண்டாவது 95 லட்சம் என்றால், நடுவில் 25 லட்சம் எங்கே? விவசாயி கட்டிவிட்டார், சங்கம் மேலே கட்டவில்லை. அது சம்பளமாகப் போயிருக்கும், அல்லது யாரோ கைவைத்திருப்பார்கள். இந்த இடைவெளி வருடா வருடம் பெருத்தால் அங்கே போகாதீர்கள்.

அவசரப்பட்டும் முடிவு கட்டாதீர்கள். 2021-ல் பயிர்க்கடனையும் ஐந்து பவுன் வரையான நகைக்கடனையும் அரசு தள்ளுபடி செய்தது. அந்தப் பணம் சங்கங்களுக்கு ஒரே நாளில் வரவில்லை, தவணை தவணையாகத்தான் வந்தது. அதனால் "அரசிடமிருந்து வர வேண்டியது" என்று ஒரு தொகை காட்டியிருந்தால், அதை இடைவெளியிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அப்புறம், நகைக்கடன் நிறைய உள்ள சங்கம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பணம் வராவிட்டால் ஏலம் விட நகை இருக்கிறது. நகைப் பொட்டலங்களைச் சரிபார்த்ததில் குறை இருப்பதாக அறிக்கையில் ஒரு வரி வந்தால் மட்டும் கதை வேறு.

கூட்டமைப்பு வேலைக்கு வருகிறேன். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் உங்களுக்குக் கிடைப்பது மதிப்பூதியம், சம்பளம் இல்லை. மகளிர் திட்டத்தின் நிதி வரும்வரை ஓடும், அல்லது கூட்டமைப்பு குழுக்களுக்குக் கடன் கொடுத்து வாங்கும் வட்டியில் ஓடும். போய் வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். குழுக்களிடமிருந்து மாதாமாதம் தவணை வந்து விழுந்திருந்தால் அது உயிரோடு இருக்கிற கூட்டமைப்பு. பெரிய தொகை ஒன்று உள்ளே வந்து, குழுக்களுக்குப் போய், அதற்குப் பிறகு வரவே இல்லையென்றால், ஆறு மாதத்தில் உங்கள் மதிப்பூதியமும் நிற்கும். நல்ல கூட்டமைப்பாக இருந்தால் சேருங்கள், படிப்பை விடாமல் பார்க்கக்கூடிய வேலை.

கிராம வங்கிதான் மூன்றில் உறுதியானது. அதில் மத்திய அரசு 50, மாநில அரசு 15, ஆதரவு தரும் வணிக வங்கி 35 விழுக்காடு வைத்திருக்கின்றன. 2019-ல் பல்லவன், பாண்டியன் இரண்டும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனபோது பெயர்ப்பலகை மாறியது, ஊழியர்கள் புதிய வங்கிக்குள் வந்தார்கள். ஆட்களை எடுப்பது ஐபிபிஎஸ் தேர்வு வழியாக. விண்ணப்பத்தில் ஒரு மாநிலத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இதில் நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். புதுச்சேரி பக்கத்தில்தானே என்று அதைப் போடுகிறார்கள். அங்கே இருப்பது சிறிய கிராம வங்கி, இடங்களும் கொஞ்சம்தான். தமிழ்நாட்டுக்கு இடம் அதிகம், ஆனால் ராமநாதபுரத்திலும் போடுவார்கள். அந்த வருட அறிவிப்பில் இரண்டுக்கும் எத்தனை இடம் என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இடையில் கூட்டுறவுப் பட்டயப் பயிற்சியையும் முடித்து வையுங்கள் அம்மா. உங்கள் பட்டத்தில் கூட்டுறவுப் பாடம் இல்லையென்றால், உதவியாளர் அறிவிப்பு வரும்போது அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் அது கைக்கு வராது.