கதவு சென்சாருக்கு ஜிக்பியா, வைஃபையா? சின்ன ஃபிளாட்டுல மெஷ் எப்படி வேலை செய்யுது

[காட்சி: லாஸ்பேட்டையில ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டோட தரைப்படம். ஹால்ல டிவி பக்கத்துல வைஃபை ரூட்டர், அதுக்குப் பக்கத்துல ஜிக்பி ஹப். பின்பக்கம் சமையல்கட்டு, பால்கனிக் கதவு.]

வணக்கம். புதுச்சேரில லாஸ்பேட்டைப் பக்கம் இப்படி ஒரு ஃபிளாட்டைப் பார்க்காதவங்க குறைவு. வாசக்கதவுக்கு ஒண்ணு, பால்கனிக் கதவுக்கு ஒண்ணுன்னு பேட்டரி சென்சார் ரெண்டு மாட்டணும். வாசக்கதவு ஹப்புக்கு எதிர்லயே இருக்கு, அதுல தகராறு இல்ல. பால்கனிக் கதவுக்குப் போகணும்னா நடுவுல ரெண்டு சுவரு, ஒரு ஃபிரிட்ஜ்.

"ஜிக்பிக்கு ரேஞ்ச் ஜாஸ்தி"ன்னு கடையில சொல்லுவாங்க. ஒரே தாவுல பார்த்தா அப்படி ஒண்ணும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரெண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஒரே சுவருதான் ரெண்டையும் மறைக்குது. வித்தியாசம் பேட்டரிலயும், ஒரு சாமான் இன்னொண்ணோட சேதியை வாங்கிக் கடத்திவிடுற மெஷ்லயும் இருக்கு.

முதல்ல பேட்டரி. வைஃபை சென்சார் எப்பவும் தூங்கிட்டே இருக்கும். கதவு திறந்ததும் முழிச்சு, ரூட்டரைத் தேடி, பாஸ்வேர்ட் காட்டி, ஐபி முகவரி வாங்கி, கிளவுடுக்குத் தகவல் அனுப்பிட்டுத் திரும்பத் தூங்கும்.

[திரையில் கணக்கு]

இதுக்கு 3 வினாடி ஆகுது, சராசரியா 100 மில்லிஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குவோம். ஒரு தடவைக்கு 0.08 மில்லிஆம்பியர்-மணி. ஒரு நாளைக்குக் கதவு 30 தடவை திறந்து மூடினா 60 தகவல், அதாவது சுமார் 5 மில்லிஆம்பியர்-மணி. ரெண்டு ஏஏஏ பேட்டரி சேர்ந்து சுமார் 1000. கணக்குப்படி ஆறரை மாசம். சிக்னல் மந்தமா இருந்தா ஒவ்வொரு தடவையும் இன்னும் அதிக நேரம் முழிச்சிருக்கும், ஆயுசு இன்னும் குறையும்.

ஜிக்பி சென்சார் ஏற்கெனவே நெட்வொர்க்குல சேர்ந்த ஆளு. முழிச்சதும் சின்னதா ஒரு சேதி, சில மில்லிவினாடில வேலை முடிஞ்சுது. அதனாலதான் அதுக்கு ஒரு பட்டன் செல்லே போதும்.

இப்ப மெஷ். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பேட்டரி சென்சார் அடுத்தவங்க சேதியை வாங்கிக் கடத்தாது. தூங்குற ஆளு எப்படிக் கடத்துவான்? அந்த வேலையைச் செய்யுறது கரண்டுல ஓடுற ஸ்மார்ட் பிளக், பல்பு மாதிரி சாமான்தான். ஒவ்வொரு சென்சாரும் அதுல ஒண்ணையோ, இல்ல ஹப்பையோ "பேரன்ட்"டா பிடிச்சுக்கும். அதனால பத்து சென்சார் வாங்கி மாட்டினாலும் ஒரு பிளக் இல்லன்னா மெஷ்ஷே கிடையாது.

[காட்சி: சமையல்கட்டுச் சுவர்ல மிக்ஸி பாயின்ட். அதுல ஜிக்பி பிளக். பக்கத்துல சாக்கெட் சுவிட்ச்.]

நம்ம ஃபிளாட்டுல சமையல்கட்டு பாயின்ட்டுல ஒரு பிளக் மாட்டியாச்சு. பால்கனி சென்சார் அதைப் பிடிச்சு, அது வழியா ஹப்புக்குப் பேசுது. எல்லாம் சரி. ராத்திரி அரைச்சு முடிச்சுட்டு அம்மா வழக்கம்போல சாக்கெட் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுப் போறாங்க. அவ்வளவுதான், பேரன்ட் செத்துப் போச்சு. சில சென்சார் தானா வேற பேரன்ட்டைத் தேடிப் போகும். ஆனா ஹப்பு எட்டலைன்னா தேடித் தேடி பேட்டரிதான் கரையும். ஆப்ல கதவு "மூடியிருக்கு"ன்னே நிக்கும், ஏன்னா கடைசியா வந்த சேதி அதுதான். இதைக் கண்டுபிடிக்க, கதவோட நிலையைப் பார்க்காதீங்க. கடைசியா எப்ப பேசுச்சுங்கற நேரத்தைப் பாருங்க. Zigbee2MQTT வச்சிருந்தா last_seen-ஐ ஆன் பண்ணி வைங்க, Map-ல யாரு யாரைப் பிடிச்சிருக்காங்கன்னும் தெரியும்.

அதனால பிளக்கை ஃபிரிட்ஜ் பாயின்ட் மாதிரி யாரும் கை வைக்காத இடத்துல போடுங்க. முதல்ல பிளக், அப்புறம் சென்சார். சென்சாரைக் கதவுல மாட்டுற இடத்துல வச்சே இணைங்க. ஹால்ல ஹப்புக்குப் பக்கத்துல வச்சு இணைச்சா, அது ஹப்பையே பிடிச்சுக்கிட்டு, கதவுக்குக் கொண்டுபோன பிறகும் லேசுல விடாது.

சேனல் ஒரு சின்ன விஷயம். இங்க மாடிக்கு மாடி வைஃபை. உங்க வைஃபை 1-லயோ 6-லயோ இருந்தா, ஜிக்பியை 25-ல வைங்க. இதை எதையும் இணைக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, பின்னால மாத்தினா சில சென்சாரைத் திரும்ப இணைக்க வேண்டி வரும்.

கரண்ட் கட்டு? 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததைப் பார்த்த ஊரு இது. ஹப்பு இன்வெர்ட்டர்ல இருந்து, அந்த பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைன்ல இல்லன்னா, வாசக்கதவு பேசும், பால்கனிக் கதவு பேசாது. எந்த பாயின்ட் இன்வெர்ட்டர்ல ஓடுதுன்னு மெயினை இறக்கிப் பார்த்துட்டு பிளக்கை மாட்டுங்க.

அப்ப வைஃபை வேண்டவே வேண்டாமா? ஒரே ஒரு கதவு, அதுவும் எப்பவாவது திறக்கிற மொட்டைமாடிக் கதவு, அங்க வைஃபை நல்லா எட்டுது, ஹப்புக்குச் செலவு பண்ண மனசில்லைன்னா தாராளமா வாங்கலாம். வாசக்கதவுக்கு நான் ஜிக்பிதான் போடுவேன்.