விற்பனை இறங்கும்போது எந்தக் கணக்கைப் பார்ப்பது?

வணக்கம். கடை வைத்திருப்பவர்களும் மொத்த வியாபாரம் செய்பவர்களும் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். சந்தைக்குள் நுழைவது, வேகமாக வளர்வது, முதிர்ந்து நிலைப்பது, பிறகு இறங்குவது என்று ஒரு பொருளின் ஆயுளை நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள். தியோடர் லெவிட் 1965-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு வணிகக் கல்லூரிகளில் இது நிலைத்த பாடமாகிவிட்டது. நுழையும்போது பொருள் எதற்கு என்று புரியவைக்கச் செலவழிக்கிறோம். வளரும்போது கடை கடையாகக் கொண்டுபோய் வைக்கிறோம். முதிர்ந்தபின் போட்டியாளரின் வாடிக்கையாளரை இழுக்கப் பார்க்கிறோம். இந்த மூன்றுக்கும் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. நாலாவது கட்டத்தில்தான் வியாபாரி தனியாக நிற்கிறார். நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம்: வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு. ஒரு காலத்தில் இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் இது இல்லாத பெட்டிக்கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலைக்கு வரும் ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு ஓர் அட்டையும் வாங்கிக்கொண்டுதான் விடுதிக்குத் திரும்புவார்கள். அப்புறம் ஸ்மார்ட்போன் கைக்குக் கை வந்தது. 2015-இல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பும் வந்தது. ஊருக்குப் பேசும் ஆசை குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் அட்டையை உரசி எண்ணை அழுத்தும் தேவை போய்விட்டது. தேவை இருக்கும்போதே அதன் ஒரு வடிவம் காலாவதியாவதுதான் உண்மையான இறக்கம்.

எல்லா இறக்கமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ் உடனடிப் படக் கேமரா 2002 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் விற்று, சில ஆண்டுகளில் சுமார் 1 லட்சத்துக்கு விழுந்தது. டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது, இது முடிந்த கதை என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். நிறுவனம் அதைக் கைவிடவில்லை. படத்தைக் கையில் கொடுக்கலாம், சுவரில் ஒட்டலாம் என்று இளைஞர்கள் அதில் வேறொரு பயன் கண்டார்கள். 2018 நிதியாண்டில் விற்பனை 1 கோடியைத் தொட்டது. ஆகவே விற்பனை வரைபடம் கீழே சாய்வதை மட்டும் பார்த்து விளம்பரத்தை நிறுத்தினால், அந்த நிறுத்தமே பொருளைக் கொன்றுவிடலாம். பொருள் செத்தபின் "அப்போதே தெரியும்" என்று நாமே சொல்லிக்கொள்வோம். இந்தக் கோட்பாட்டுக்கு எதிராக எழுப்பப்படும் குற்றச்சாட்டுகளில் நியாயமானது இதுதான்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையை வெளியிடும் நிறுவனம் நாம்தான் என்று வைத்துக்கொள்வோம். மொத்த விற்பனையைப் பிரித்துப் பாருங்கள். கடைகளுக்கு நாம் அனுப்பிய அட்டைகளை எண்ணினால் போதாது. கடைகளிலிருந்து எத்தனை வெளியே போயின என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் பழைய கையிருப்பைத் தீர்த்துக்கொண்டிருந்தால் நமக்கு ஆர்டர் குறையும், ஆனால் வாடிக்கையாளர் அப்படியே இருப்பார். அடுத்தது, அழைத்த எண்கள் நம் கணினியில் பதிவாகின்றன அல்லவா? மாதத்துக்கு எத்தனை வெவ்வேறு எண்களிலிருந்து அழைப்பு வந்தது, ஓர் எண்ணிலிருந்து சராசரியாக எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று தனித்தனியாகக் கணக்கெடுங்கள். ஆட்கள் குறைந்து, இருப்பவர்கள் பேசும் நிமிடங்கள் அப்படியே இருந்தால், மிஞ்சியவர்கள் உறுதியான வாடிக்கையாளர்கள். ஊரில் அம்மாவிடம் பழைய பட்டன் போன்தான் இருக்கும், அல்லது அங்கே இணையம் கிடைக்காது. இவர்கள் மெதுவாகத்தான் குறைவார்கள். ஆளுக்கான நிமிடமும் சேர்ந்து இறங்கினால், அவர்கள் ஏற்கெனவே பாதி போய்விட்டார்கள். இணையம் வேலை செய்யாத நாளில் மட்டும் நம் அட்டையைத் தேடுகிறார்கள். அப்போது முடிவு வேகமாக வரும்.

இனி கணக்குக்கு வருவோம். நான் சொல்லப்போகும் எண்கள் எந்த நிறுவனத்துடையதும் அல்ல, விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. 10 வெள்ளி அட்டை ஒன்றில் கடைக்காரர் கமிஷன், அழைப்புக்கு நாம் கட்டும் கட்டணம், அச்சுச் செலவு எல்லாம் போக 1 வெள்ளி 80 காசு மிஞ்சுகிறது. மாதம் 4,000 அட்டை விற்கிறது. ஆக 7,200 வெள்ளி. செலவுப் பக்கத்தில் விளம்பரம் 1,500, வாடிக்கையாளர் சேவைக்கு 2,200, அழைப்பு இணைப்புகளுக்கு 1,000, கடைகளுக்கு வேனில் கொண்டுபோய்க் கொடுக்க 1,800, அலுவலக வாடகையிலும் நிர்வாகச் செலவிலும் இந்தப் பொருளின் பங்கு என்று 3,500. மொத்தம் 10,000. கணக்காளர் "மாதம் 2,800 வெள்ளி நஷ்டம், நிறுத்திவிடுங்கள்" என்பார்.

அவசரப்படாதீர்கள். நாளை காலை அட்டையை நிறுத்தினால் அலுவலக வாடகை குறையுமா? குறையாது. அந்த 3,500-ஐ மற்ற பொருள்கள் சுமக்கும், அவ்வளவுதான். நிறுத்தினால் உண்மையில் மிச்சமாவது 6,500. இழப்பது 7,200. அதாவது காகிதத்தில் நஷ்டம் காட்டும் இந்த அட்டை மாதம் 700 வெள்ளி தந்துகொண்டிருக்கிறது. இறங்கும் பொருளைப் பற்றி எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. அவசரமாக நிறுத்துகிறவர்களும் தவறுகிறார்கள், அர்த்தமில்லாமல் இழுத்துக்கொண்டே போகிறவர்களும் தவறுகிறார்கள். இரண்டு பேரும் நிறுத்தினால் நின்றுவிடும் செலவு எது, நிற்காத செலவு எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

பிரித்துவிட்டால் அடுத்த முடிவுகள் தாமாகவே வரும். முதலில் விளம்பரம். வளரும் காலத்தில் அது புதிய ஆட்களைக் கொண்டுவந்தது. இப்போது புதிதாக யாரும் வரப்போவதில்லை. இருப்பவர்களுக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தால் போதும். 1,500-ஐ நிறுத்துகிறோம், மிச்சம் 2,200 ஆகிறது.

அடுத்தது கடைகள். 120 கடைகளுக்குக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அதில் 40 கடைகளிலேயே 3,200 அட்டை விற்கிறது. மீதி 80 கடைகளும் சேர்ந்து 800 அட்டை. அந்த 80-ஐ விட்டுவிட்டால், அங்கே வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் பக்கத்துக் கடைக்கு வருவார்கள். விற்பனை 3,500 என்று வைத்துக்கொள்வோம். வேன் செலவு 1,800-இலிருந்து 600 ஆகிறது. 6,300 வரவில் 3,800 செலவு போக 2,500 நிற்கிறது. லாபம் 300 தானே கூடியது என்று நினைக்கலாம். ஆனால் 80 கடைகளில் முடங்கிக் கிடந்த சரக்கின் பணம் திரும்பி வருகிறது. இந்தக் கட்டத்தில் அதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

மூன்றாவது விலை. இதில்தான் கை நடுங்கும். விற்பனை குறைந்தால் விலையைக் குறைக்க வேண்டும் என்று பழகியிருக்கிறோம். முதிர்ந்த கட்டத்தில் அது சரி, பக்கத்துக் கம்பெனி ஆளை இழுக்கலாம். இப்போது வாடிக்கையாளர் போன இடத்தில் கட்டணமே இல்லை. இலவசத்தோடு 50 காசு குறைத்துப் போட்டி போட முடியுமா? கணக்காகவும் பாருங்கள். 50 காசு குறைத்தால் ஓர் அட்டையில் மிஞ்சுவது 1 வெள்ளி 30 காசு. அதே 6,300-ஐ எடுக்க 3,500 அட்டைக்குப் பதில் ஏறத்தாழ 4,850 விற்க வேண்டும். இறங்கும் சந்தையில் அது நடக்காது. மாறாக 50 காசு கூட்டினால் மிஞ்சுவது 2 வெள்ளி 30 காசு. விற்பனை 3,100-ஆகக் குறைந்தாலும் வரவு 7,130. செலவு போக 3,330 நிற்கிறது. மிஞ்சியிருப்பவர்கள் விலைக்காக மிஞ்சவில்லை, வேறு வழி இல்லாததால் மிஞ்சியிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. வேறு வழி இல்லாதவர் என்றால் யார்? குறைந்த சம்பளத்தில் விடுதியில் இருக்கும் தம்பி, கைப்பேசி பழகாத பெரியம்மா. விலையை ஓரளவு கூட்டுவது சேவை நீடிக்க உதவுகிறது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அட்டையின் முன்பக்கத்தில் பழைய விலையையே போட்டுவிட்டு நிமிடத்தை ரகசியமாக வெட்டுவது, பின்பக்கம் பொடி எழுத்தில் இணைப்புக் கட்டணம் சேர்ப்பது, காலாவதி நாளைச் சுருக்குவது, இதெல்லாம் வசதியில்லாதவர் பையில் கை வைப்பது. கூட்டினால் முன்பக்கத்திலேயே தெரியும்படி கூட்டுங்கள். இதை வியாபாரிகள் கூட்டத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

இறங்கும் தொழில்களை ஆராய்ந்த கேத்ரின் ஹாரிகன், கடைசியாக நிற்கும் பெரிய ஆளாக இருப்பது, ஒரு சிறு பிரிவினரை மட்டும் வைத்துக்கொள்வது, முதலீட்டை நிறுத்திவிட்டு வருவதை எடுத்துக்கொள்வது, சீக்கிரமே விற்றுவிட்டு வெளியேறுவது என்று வழிகளைப் பிரித்தார். நாம் மேலே செய்தது மூன்றாவது வழி. மற்ற கம்பெனிகள் விலகி, அவர்களுடைய வாடிக்கையாளர் நம்மிடம் வரும் நிலை இருந்தால் முதல் வழி நல்லது. பழைய முதலீட்டை விட மனமில்லாமல் எல்லாரும் நின்றுகொண்டிருந்தால் அது விலைப்போரில் முடியும்.

சரி, எப்போது நிறுத்துவது? அந்த எண்ணை இன்றே எழுதி வையுங்கள். நிறுத்தினால் நிற்கும் செலவு 3,800. அதை 2 வெள்ளி 30 காசால் வகுத்தால் ஏறத்தாழ 1,650 அட்டை. மூன்று மாதம் தொடர்ந்து அதற்குக் கீழே போனால் நிறுத்துவது என்று முடிவு. மாதம் 5 விழுக்காடு குறைந்தால் 3,100-இலிருந்து அந்த இடத்துக்கு வர ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகும். அந்த ஓராண்டுக்குள் சேவைப் பிரிவில் இருப்பவருக்கு வேறு வேலை பழக்கிவிடலாம். எண் எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு மாதமும் "தீபாவளிக்கு ஏறும்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.

நிறுத்துவதற்கும் வரிசை உண்டு. இங்கே 2ஜி கைப்பேசிச் சேவையை நினைத்துப் பாருங்கள். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்று நிறுவனங்களும் 2017 ஏப்ரலில் அதை மூடின, ஆனால் அறிவிப்பு 2015-இலேயே வந்துவிட்டது. பழைய போன் வைத்திருந்தவர்கள் மாறிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. அட்டையிலும் முதலில் நிறுத்த வேண்டியது அச்சு. அச்சகம் மலிவாகத் தருகிறது என்று கடைசி நேரத்தில் பெரிய தொகுதி அடித்துவிட்டால், அதை விற்றுத் தீர்ப்பதற்காகவே சேவையை நீட்டிக்க வேண்டிவரும். அடுத்து, கடைகளில் விற்காமல் இருப்பதைத் திரும்ப எடுத்துப் பணம் கொடுங்கள், அதே கடைக்காரரிடம்தான் நாளை வேறு பொருளோடு போய் நிற்பீர்கள். கடைசியில் அழைப்பு இணைப்பு. விற்ற அட்டையின் பணம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது, பேசாத நிமிடம் நாம் கொடுக்க வேண்டிய கடன். அட்டையில் அச்சிட்ட காலாவதி நாள்களில் கடைசியானது கடக்கும் வரை இணைப்பு திறந்திருக்க வேண்டும், தொலைபேசியை எடுத்துத் தமிழில் பதில் சொல்ல ஓர் ஆளும் இருக்க வேண்டும். அதற்கான செலவை விற்பனை நிற்பதற்கு முன்பே ஒதுக்கி வைத்துவிடுங்கள், நின்றபின் அதற்குக் கொடுக்க அந்தப் பொருளிலிருந்து ஒரு காசும் வராது.