காரணமா? கணக்கா?

நடுவர்: "சீருடையை மாற்றுகிறோம் என்று பள்ளி முதல்வர் பெற்றோருக்குக் கடிதம் அனுப்புகிறார். அதில் பெற்றோர் தேட வேண்டியது எதை? ஏன் மாற்றுகிறார்கள் என்ற காரணத்தையா? எவ்வளவு செலவு, எந்தத் தேதி, எந்தக் கடை என்ற கணக்கையா? 'காரணத்தையே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேச வருகிறார், ஓய்வு பெற்ற ஆசிரியை."

நடுவர் ஐயா அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி பேசி முடித்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்னும் தையல் மிஷின் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. பேண்ட் துணி ராஜஸ்தானத்து பில்வாராவிலிருந்து வருகிறது, தை மாதமே ஆர்டர் கொடுத்தால்தான் ஜூனில் கைக்கு வரும், ஒரே நேவி ப்ளூவை இரண்டு தடவை சாயம் போட்டால் இரண்டு நீலம் வரும் என்றெல்லாம் சொன்னார். அத்தனையும் சரி. முப்பது வருஷம் பிரேயரில் வரிசைக்கு முன்னால் நின்றவள் நான். அந்த இரண்டு நீலத்தையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள், "காரணத்தை வைத்துச் சட்டை தைக்க முடியுமா அக்கா?" என்று. கைதட்டலும் வாங்கினார். தைக்க முடியாது அண்ணாச்சி. ஆனால் தைக்கவே வேண்டாம் என்று காரணம் சொல்லும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். தனியார் மெட்ரிக் பள்ளி. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நான்கு நாளும் கட்டம் போட்ட சட்டை. பெண்களுக்கு நேவி ப்ளூ பாவாடை, பையன்களுக்கு அதே நிறத்தில் பேண்ட். புதன்கிழமை மட்டும் எல்லோருக்கும் வெள்ளைக்கு வெள்ளை, காலில் வெள்ளைக் கேன்வாஸ். இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் பாதிப் பேர் செவ்வாய்க்கிழமை ராத்திரி நீலம் போட்டு அலசியவர்கள்தான், சிரிக்கிறீர்களே!

ஒரு வருஷம் பிப்ரவரியில் முதல்வர் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார். நான்கே வரி. "அன்புள்ள பெற்றோர்க்கு, நிர்வாகக் காரணங்களால் வரும் கல்வியாண்டு முதல் புதன்கிழமை வெள்ளைச் சீருடை நிறுத்தப்படுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அனைவரும் நேவி ப்ளூ டிராக் பேண்ட்டும் ஹவுஸ் கலர் டி-சர்ட்டும் அணிய வேண்டும். குறிப்பிட்ட கடையில் ஜூன் முதல் வாரத்துக்குள் வாங்கிக்கொள்ளவும். ஒத்துழைப்புக்கு நன்றி." கடையின் பெயரும் விலைப் பட்டியலும் பின்பக்கத்தில் இருந்தன.

எதிரணி கேட்பது அத்தனையும் அதில் இருக்கிறது. தேதி, கடை, விலை, எந்த வகுப்பு, எல்லாம் உண்டு. கணக்கில் குறையே இல்லாத கடிதம். என்ன நடந்தது? மறுநாள் சாயங்காலத்துக்குள், "முதல்வருக்கும் கடைக்காரருக்கும் கமிஷன்" என்று கேட்டுக்குப் பக்கத்து டீக்கடை வரைக்கும் பேச்சு. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் 'நிர்வாகக் காரணங்களால்' என்று ஒரு வெற்றிடம் விட்டார்கள். ஊர் அதைத் தன் கைச்சரக்கால் நிரப்பியது.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நான்தான் அதை முதல்வர் மேஜைக்குக் கொண்டுபோனவள். எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் சில பெண்களின் பெயருக்கு நேரே குறுக்கே விரலை ஓட்டினால், விடுப்பு புதன்கிழமைக் கட்டத்தில் வந்து வந்து நிற்கும். லெட்டரில் காய்ச்சல், வயிற்றுவலி, உறவினர் வீட்டு விசேஷம். ஒரு குழந்தை மட்டும் எழுதாமல் சொன்னாள்: "மிஸ், அந்த நாளில் வெள்ளை போட முடியாது மிஸ். பின்னாடி பாத்துக்கிட்டே இருக்கணும்." வந்த பிள்ளைகளும் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டால், "கால் வலி மிஸ்."

இதை முதல்வரிடம் சொன்னேன். நல்ல மனிதர், உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் கடிதத்தில் எப்படி எழுதுவது என்று கூசினார். "அப்பாக்கள் படிப்பாங்க டீச்சர், பசங்க டைரியில ஒட்டியிருக்கும்" என்றார். கூச்சத்தில் காரணத்தை விழுங்கினார். கூடவே டிராக் பேண்ட்டையும் சேர்த்துக்கொண்டார். அது யார் யோசனை என்று எனக்கு இன்று வரை தெரியாது.

இங்கே நம் அணியின் பெரியவரை நினைத்துக்கொள்கிறேன். மில்லில் காக்கி மாறி நீலம் வந்தபோது தொழிலாளிகள் எப்படிக் கொந்தளித்தார்கள் என்று ஐந்து நிமிஷம் பேசினார். அருமையான பேச்சுதான். ஆனால் ஐயா, மில் சட்டைக்குத் துணி மில்லே கொடுத்தது. இங்கே விதி போடுகிறவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் இன்னொருவர். அதனால்தான் காரணம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு வருகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். பேச்சு முற்றிப்போய், இரண்டு வாரம் கழித்து இரண்டாவது கடிதம் போனது. இந்தத் தடவை ஒரு பத்தி கூடுதல். "மாதவிடாய் நாட்களில் வெள்ளைச் சீருடை மாணவிகளுக்குச் சங்கடமாக இருப்பதாலும், அதனால் சிலர் புதன்கிழமைகளில் விடுப்பு எடுப்பதாலும் இந்த மாற்றம் செய்யப்படுகிறது."

அந்த ஒரு வாக்கியம் செய்த வேலையைப் பாருங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தாய் வந்தார். பூக்கடை வைத்திருப்பவர், இரண்டு பெண்கள். முதல்வரிடம் கேட்டார்: "சார், வெள்ளை வேண்டாம்னா திங்கட்கிழமை போடுற நீலப் பாவாடையையே புதன்கிழமையும் போட்டா என்ன? அதுக்கு எதுக்கு ஜூன் வரைக்கும் காத்திருக்கணும்? அடுத்து வர்ற புதன்கிழமையே போடலாமே?"

முதல்வரிடம் பதில் இல்லை. ஏனென்றால் அவரே எழுதிய காரணம் அந்தத் தாயின் பக்கம் நின்றது. நான்கு நாள் போடுகிற உடை ஐந்தாவது நாளுக்கும் போதும். துணி வேண்டாம், கடை வேண்டாம், பில்வாரா வேண்டாம். டிராக் பேண்ட்டும் டி-சர்ட்டும் சேர்த்து ஒரு செட் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு செட், இரண்டு பெண்கள், 3,600 ரூபாய். அது ஒரே கேள்வியில் சைபர் ஆனது. முதல் கடிதத்தில் விலைப் பட்டியல் பைசா சுத்தமாக இருந்தும், அதை வைத்துக்கொண்டு அந்தத் தாய் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியுமா? 'நிர்வாகக் காரணங்களால்' என்று மட்டும் சொன்னால், எந்தப் பாவாடையைக் காட்டி 'இது போதாதா' என்று கேட்பது?

இன்னொரு அப்பா வந்தார். பையனுக்குப் போன மாதம்தான் புது வெள்ளைப் பேண்ட் எடுத்தாராம். "பையன்களுக்கும் நிறுத்தமா?" என்றார். விதியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் 'அனைவரும்' என்று எழுதியிருக்கிறது, நிறுத்தம்தான் என்று அனுப்பியிருப்போம். காரணத்தைப் பார்த்தால் பையனின் பேண்ட்டுக்கு அவசரமே இல்லை. கிழிகிற வரை போடட்டும் என்று முடிவானது. சில மாதம் புதன்கிழமை பிரேயரில் பாதி வெள்ளை, பாதி நீலம். பி.டி. மாஸ்டருக்குக் கண் உறுத்தியது, வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இது நம் ஊர்க் கூச்சம் மட்டுமில்லை. விம்பிள்டனில் ஆடுகிறவர்கள் முழுக்க வெள்ளைதான் உடுத்த வேண்டும். 2022 நவம்பரில் அந்த விதியைத் தளர்த்தி, 2023 முதல் பெண்கள் பாவாடைக்கோ ஷார்ட்ஸுக்கோ உள்ளே அடர்நிறத்தில் உள்காற்சட்டை போடலாம் என்றார்கள். மேலே இருப்பதை விட அது நீளமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. மேல் வெள்ளை அப்படியே இருக்கிறது. எங்கே வலித்ததோ அங்கே மட்டும் விதி மாறியது. எங்கள் முதல் கடிதம் மாதிரி டி-சர்ட் வரை போகவில்லை.

இப்போது வக்கீல் தம்பிக்கு வருகிறேன். கடைப் பெயர் போட்டாலே சட்ட விரோதம், சி.பி.எஸ்.இ. தடை செய்திருக்கிறது, ஆகவே கணக்குதான் முக்கியம் என்றார். பாதி சரி தம்பி. 2017 ஏப்ரலில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது உண்மை. புத்தகம், சீருடையைப் பள்ளிக்குள்ளேயோ குறிப்பிட்ட கடையிலோதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள் என்றது. ஆனால் நான் சொன்னது மெட்ரிக் பள்ளி. அதற்கு சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை செல்லாது. அந்தச் சுற்றறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் பூக்கடை அம்மா 3,600 ரூபாய் கட்டியிருப்பார்.

தம்பி இன்னொரு அம்பும் விட்டார். கோழிக்கோடு பக்கம் பாலுசேரி அரசுப் பள்ளியில் 2021 டிசம்பரில் பிளஸ் ஒன் மாணவ மாணவிகள் எல்லோருக்கும் பேண்ட், சட்டை கொண்டுவந்தார்கள். சமத்துவம், வசதி என்று காரணம் சொன்னார்கள். ஆனாலும் வாசலில் போராட்டம் நடந்ததே என்றார். நடந்தது. முஸ்லிம் அமைப்புகள் பிள்ளைகள் மேல் திணிக்கிறார்கள் என்று எதிர்த்தன. மறைக்க மாட்டேன், எனக்கும் அது நெருடுகிற இடம்தான். காரணம் சொன்னால் எதிர்ப்பு வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பு எதைப் பிடித்துக்கொண்டு வந்தது? சொன்ன காரணத்தைத்தான். 'வசதி என்றால் யாருக்கு வசதி, எங்கள் பெண்ணிடம் கேட்டீர்களா' என்று கேட்க முடிந்தது. அதே கேரளத்தில், பெரும்பாவூர் பக்கம் வளயன்சிறங்கர அரசு தொடக்கப் பள்ளியில் 2018-லேயே ஆண் பெண் எல்லோருக்கும் முக்கால் பேண்ட் வந்தது. அங்கே சின்னப் பிள்ளைகள், காரணம் ஓடி ஆடுவது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அதே உடை என்றால் கேள்வி வேறாகிவிடுகிறது. ஒரு காரணத்தை இன்னொரு வயதுக்கு அப்படியே தூக்கிப் போட முடியுமா என்பது எனக்கு இன்னும் தீராத சந்தேகம்.

மாதவிடாய் என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதியது சரியா என்பதிலும் எங்கள் ஸ்டாஃப் ரூம் இன்று வரை ஒத்துப்போகவில்லை. என் தோழி, கணக்கு டீச்சர், "சௌகரியத்துக்காக என்று போட்டிருந்தால் போதாதா" என்பாள். போதாது என்பது என் கட்சி. சௌகரியம் என்றால் டிராக் பேண்ட்டும் சௌகரியம்தான், பூக்கடை அம்மாவின் கேள்விக்கு இடமே இருந்திருக்காது. ஆனால் இரண்டாவது கடிதம் போன வாரம் ஒரு பையன் அந்த வரியைச் சத்தமாகப் படித்து வகுப்பே சிரித்ததையும், முன் பெஞ்சுப் பெண்கள் தலை குனிந்ததையும் நான் பார்த்தேன். கடிதத்தை டைரியில் ஒட்டாமல் பெற்றோர் கையில் கொடுத்திருக்கலாம். அந்தத் தப்பு எங்களுடையது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். அந்தக் கடைக்காரர் ஆர்டர் கொடுத்து வாங்கி அடுக்கிய நேவி ப்ளூ டிராக் பேண்ட்டெல்லாம் என்ன ஆயின என்று நான் பிறகு விசாரிக்கவில்லை. எதிரணியில் அடுத்து எழுந்திருக்கப் போகிறவர் அண்ணாச்சியின் மகன். அவருக்குத் தெரிந்திருக்கும், சொல்லட்டும்.