லிஃப்ட் ஏறாதவர் டீசலுக்குக் காசு கொடுக்கணுமா?

வணக்கம் மக்களே. பின்னால் கடகடவென்று கேட்கிறதே, அது எங்கள் ஜெனரேட்டர்தான். கும்பகோணத்தில் இன்றைக்கு மின்வாரியப் பராமரிப்பு நாள், கரண்ட் இல்லை. இந்தச் சத்தத்தை வைத்துத்தான் போன மாதம் எங்கள் குடியிருப்பில் பெரிய சண்டை.

தரைத்தளம், மேலே நாலு மாடி, தளத்துக்கு நாலு வீடு, மொத்தம் 20. நான் பொருளாளர். தரைத்தளத்து மாமா ஒருவர், "நான் லிஃப்ட் பட்டனையே தொடுறதில்லை. டீசலுக்கும் லிஃப்டுக்கும் நான் ஏம்ப்பா அழணும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு பில்லையும் அவர் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

முதலில் டீசல். மூன்று மணி நேரம் கரண்ட் போனதாக வையுங்கள். வீட்டுக்கு 400 வாட் என்றால் 20 வீட்டுக்கும் 24 யூனிட். தண்ணீர் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் சொச்சம். லிஃப்ட்? 5 குதிரைத்திறன் மோட்டார்தான், ஆனால் ஒரு தடவைக்கு அரை நிமிஷம்தான் ஓடும். 40 தடவை ஓடினாலும் ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டாது. எங்கள் 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இதற்கெல்லாம் சேர்த்துக் குடிப்பது சுமார் 10 லிட்டர். அதில் லிஃப்டின் பங்கு அரை லிட்டர்கூட இல்லை. 20 வீட்டுக்கும் பிரித்தால் ஆளுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்! மாமா வீட்டு ஃபேனும் குழாய்த் தண்ணீரும்தான் டீசலைக் குடிக்கின்றன. அதனால் டீசல் பில் எல்லோருக்கும் சமம் என்று முடிந்தது. சண்டைக்கு முன்னால் ஜெனரேட்டரில் ஓடிய மணி காட்டும் மீட்டரைக் குறித்து வையுங்கள். டீசல் வாங்கிய ரசீதை மட்டும் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

லிஃப்ட் ஏ.எம்.சி., அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், அந்த விஷயம் வேறு. எங்களுக்கு வருஷம் 36,000. சமமாகப் போட்டால் வீட்டுக்கு 1,800. தரைத்தளத்துக்குப் பாதிப் பங்கு என்றால் 16 முழுப் பங்கு, நாலு அரைப் பங்கு, ஆக 18. தரைத்தளம் 1,000, மேல்வீடு 2,000. மேலே இருப்பவர்களுக்கு மாதம் 17 ரூபாய்தான் கூடுதல். ஏன் பாதி, ஏன் முழு விலக்கு இல்லை என்று கேட்டால், மொட்டை மாடியில் வடாம் காயவைக்க மாமி எதில் போகிறார்? மாமாவே சிரித்துவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. சட்டப்படி லிஃப்ட் பொதுப் பகுதி. பொதுச் செலவு, நிலத்திலும் பொதுப் பகுதியிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கின் கணக்கில் எல்லோருக்கும் விழும். சலுகையைப் பொதுக்குழுவில் தீர்மானமாகப் போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த செயலாளர் பழைய பாக்கி என்று கேட்பார். இரும்புக் கயிறு, மோட்டார் மாதிரி பெரிய மாற்றங்களுக்கு நாங்கள் சலுகை தரவில்லை, வீட்டின் மதிப்போடு சேர்ந்தது அது. மாமா அதற்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கரண்ட் வந்துவிட்டது, மீட்டரைக் குறிக்கப் போகிறேன்.